மையப்படுத்தியதும் வெட்டுப்புள்ளி மாறிவிட்டது: 3, 4 ஆகிய தெரிவுகளை ஒன்றாக்கச் சொல்கிறார்கள்

உவர்மலை_நிலா | செவ்வாய், இரவு 9.10

வணக்கம். முதுமாணி ஆய்வுக்காகத் திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து மூதூர், கிண்ணியா, நிலாவெளி போன 400 பயணிகளிடம் அவர்கள் இறங்கிய இடத்தில் வைத்துக் கேள்வி கேட்டோம். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இன்றைய பயணம் உங்களுக்கு எவ்வளவு திருப்தி? 1 மிகவும் அதிருப்தி, 2 அதிருப்தி, 3 நடுநிலை, 4 திருப்தி, 5 மிகவும் திருப்தி. வரிசைப்படி 40, 80, 60, 180, 40 பேர். இதனோடு எத்தனை நிமிடம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், இருக்கை கிடைத்ததா என்ற இரண்டையும் வைத்து ஓடர்ட் லொஜிட் ஓட்டினேன்.

முதலில் காத்திருப்பை நிமிடமாகவே போட்டேன். அப்புறம் மேற்பார்வையாளர் சொன்னபடி சராசரியான 25 நிமிடத்தைக் கழித்து மையப்படுத்திப் போட்டேன். SPSS தந்தது இது:

```
Threshold     Estimate   Sig.
[rating = 1]   -1.90     .000
[rating = 2]   -0.45     .001
[rating = 3]    0.25     .074
[rating = 4]    2.80     .000
Location
wait_c         -0.040    .000
seat            0.900    .000
```

மையப்படுத்த முன்னர் மூன்றாவது வெட்டுப்புள்ளி -0.75, அதன் Sig. .002. இப்போது 0.25, Sig. .074. காத்திருப்பின் குணகமும் இருக்கையின் குணகமும் ஒரு புள்ளிகூட அசையவில்லை. மேற்பார்வையாளர் இந்த .074ஐப் பார்த்துவிட்டு, "மூன்றுக்கும் நாலுக்கும் இடையிலுள்ள எல்லை பொருட்படுத்தத்தக்கதில்லை, இரண்டையும் ஒன்றாக்கி நாலு தெரிவாக ஓட்டுங்கள்" என்கிறார். ஒரே தரவுக்கு நேற்று எல்லை இருந்தது, இன்றைக்கு இல்லை என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. யாராவது விளங்கப்படுத்துவீர்களா?

கணக்கப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.48

தங்கச்சி, வெட்டுப்புள்ளி என்பது இரண்டு தெரிவுக்கு நடுவிலுள்ள வேலி. வேலியின் பெறுமானம் பூச்சியத்திலிருந்து வேறுபடவில்லை என்றால் வேலியே இல்லை என்றுதான் அர்த்தம். அதனால் ஒன்றாக்குவது சரியென்றே எனக்குப் படுகிறது.

ஆனால் ஒரு விடயம் இடிக்கிறது. சராசரியைக் கழிப்பதால் மாதிரியுரு மாறக்கூடாது. இரண்டு ஓட்டத்திலும் -2 Log Likelihood ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் தரவு பதிந்ததில் எங்கோ பிழை விட்டிருக்கிறீர்கள்.

மூதூர்_கரை | செவ்வாய், இரவு 10.05

எனக்கும் இதில் ஒரு சந்தேகம். நாலாவது வெட்டுப்புள்ளி 2.80 என்று வந்திருக்கிறதே, அப்படியென்றால் சராசரி 2.80க்கு மேலே புள்ளி போட்டவர்களைத் திருப்தியானவர்கள் என்று எடுக்கலாமா? எங்கள் சங்கத்தில் அங்கத்தவர்களிடம் இப்படி 1 முதல் 5 வரை கேட்டு வைத்திருக்கிறோம். எந்த எண்ணுக்கு மேலே போனால் நல்லது என்று சொல்ல ஒரு கோடு தேவைப்படுகிறது.

உவர்மலை_நிலா | செவ்வாய், இரவு 10.20

கணக்கப்பிள்ளை அண்ணா, பார்த்தேன். -2 Log Likelihood இரண்டிலும் கடைசித் தசமம் வரை ஒன்றுதான். பிழை இல்லை.

துறைமுகத்தடி | புதன், காலை 6.30

அண்ணா அதைப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. இரண்டும் ஒரே மாதிரியுரு என்பதற்கு அதுதான் சாட்சி. ஆனால் வேலியைப் பற்றிச் சொன்னது சரியில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டுக் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருப்போமே, அதை நினையுங்கள். கோடுகள் அங்கேயே இருக்கின்றன. தரையிலிருந்து அளந்தால் ஓர் எண், வாசற்படியின் மேலிருந்து அளந்தால் இன்னோர் எண். படியின் உயரம் எவ்வளவோ அவ்வளவும் எல்லாக் கோட்டிலும் ஒரேயடியாகக் குறையும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறாது.

இந்த மாதிரியுருவில் ஒவ்வொரு பயணியிடமும் நமக்குத் தெரியாத ஒரு திருப்தி அளவு இருப்பதாக எடுக்கிறோம். அது காத்திருப்பையும் இருக்கையையும் பொறுத்து ஏறி இறங்கும். அதற்கு மேலே, அளக்கப்படாத மற்றதெல்லாம் சேர்ந்த ஒரு சிதறல் இருக்கும். அந்த அளவு எந்தக் கோட்டைத் தாண்டுகிறதோ அதற்கேற்ற தெரிவில் பேனை விழுகிறது. ஐந்து தெரிவென்றால் நாலு கோடு. இந்த அளவுகோலுக்குப் பூச்சியம் எங்கே என்று தரவு சொல்லாது. நாங்கள்தான் வைக்கிறோம். SPSS, Stata, R மூன்றிலுமே மாறிலி இல்லாமல் ஓட்டுகிறார்கள், அதாவது எல்லா மாறியும் பூச்சியமாக இருக்கும் ஒரு பயணியின் இடத்தைப் பூச்சியம் என்று எடுக்கிறார்கள்.

முதல் ஓட்டத்தில் அந்தப் பயணி யார்? ஒரு நிமிடமும் காத்திருக்காமல் ஏறி, இருக்கை கிடைக்காமல் நின்றுகொண்டு போனவர். இரண்டாவது ஓட்டத்தில் 25 நிமிடம் காத்திருந்து, நின்றுகொண்டு போனவர். இரண்டு பேருக்கும் இடையில் 25 × 0.04 = 1.00. உங்கள் வெட்டுப்புள்ளி -0.75இலிருந்து 0.25க்கு வந்திருக்கிறது. சரியாக 1.00. மற்ற மூன்றையும் பாருங்கள், அவையும் 1.00 ஏறியிருக்கும்.

இப்போது Sig. .074 எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது வெட்டுப்புள்ளி பூச்சியமா என்பதுதான் கேள்வி. 25 நிமிடம் காத்து நின்றுபோன பயணி 3 அல்லது அதற்குக் கீழே குறிக்கும் நிகழ்தகவு சரிபாதியா என்பதும் அதே கேள்விதான். 0.25 என்றால் அந்த நிகழ்தகவு 0.56. அது 0.50 இலிருந்து தெளிவாக விலகவில்லை, அவ்வளவுதான். 3க்கும் 4க்கும் நடுவில் எல்லை இருக்கிறதா என்பதோடு இதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது. 20 நிமிடத்தைக் கழித்திருந்தால் அந்த வெட்டுப்புள்ளி 0.05 ஆகி, Sig. இன்னும் பெரிதாகியிருக்கும். Stata வெட்டுப்புள்ளிகளுக்கு இந்தச் சோதனையை அச்சிடுவதே இல்லை, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுகிறது. நல்ல முடிவு.

மூதூர்_கரை, உங்கள் கேள்விக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. 2.80 என்பது 1 முதல் 5 வரையான உங்கள் அளவில் உள்ள எண்ணே அல்ல. முதல் ஓட்டத்தில் அதே கோடு 1.80இல் இருந்தது. சங்கத்துக்கு ஒரு கோடு வேண்டுமென்றால் அதை நீங்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும், மாதிரியுரு தராது.

கிண்ணியாப்_பாலம் | புதன், காலை 8.15

நிலா நேற்று இரவு எனக்குக் கோப்பை அனுப்பியிருந்தா. நானும் SPSSஇல்தான் ஓட்டினேன், மையப்படுத்திய காத்திருப்போடு. மூன்றாவது வெட்டுப்புள்ளி எனக்கு -0.65. இருக்கையின் குணகம் -0.900, நேர்மாறான குறி! காத்திருப்பு மட்டும் அதே -0.040. யாரோ ஒருவர் பிழை விட்டிருக்கிறோம்.

கணக்கப்பிள்ளை | புதன், காலை 8.40

இருக்கை கிடைத்தவருக்குத் திருப்தி குறைவு என்று வந்தால் நிச்சயம் பிழை. 0, 1 மாறிப் பதிந்திருக்கும்.

துறைமுகத்தடி | புதன், மதியம் 12.50

இருவரிலும் பிழை இல்லை. பாலம், நீங்கள் இருக்கையை Factor(s) பெட்டியில் போட்டிருப்பீர்கள். நிலா Covariate(s) பெட்டியில் போட்டிருக்கிறா. Factor என்றால் SPSS கடைசி வகையை அடிப்படையாக எடுக்கும். உங்கள் அட்டவணையில் அந்த -0.900க்குப் பக்கத்தில் [seat=0] என்று இருக்கும், [seat=1] வரியில் 0 இருக்கும். இருக்கை கிடைக்காதவர் 0.9 கீழே என்று நீங்கள் சொல்கிறீர்கள், கிடைத்தவர் 0.9 மேலே என்று நிலா சொல்கிறா. உங்கள் பூச்சியம் இருந்துகொண்டு போன பயணி. அதனால்தான் 0.25 - 0.90 = -0.65. மறுபடியும் அதே வாசற்படிக் கதை.

யாராவது இதை SASக்குக் கொண்டுபோனால் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. அங்கே PROC LOGISTIC கோட்டையும் மாறிகளையும் கழிக்காமல் கூட்டுகிறது. கீழ்ப்பக்க நிகழ்தகவைத்தான் இயல்பாக எடுப்பதால் குணகங்கள் குறி மாறி வரும்.

கிண்ணியாப்_பாலம் | புதன், மதியம் 1.05

ஓம், Factor பெட்டிதான். [seat=0] என்றுதான் இருக்கிறது. கவனிக்கவே இல்லை.

உவர்மலை_நிலா | புதன், இரவு 8.30

நன்றி சேர், விளங்குகிறது. தனித்தனி எண்ணுக்குப் பொருளில்லை, இடைவெளிக்குத்தான் பொருள் என்று எடுக்கிறேன். என்னுடையதில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடைவெளி 0.70. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் 2.55. அப்படியென்றால் திருப்தியிலிருந்து மிகவும் திருப்திக்குப் போவது, நடுநிலையைத் தாண்டுவதைவிட மூன்று மடங்குக்கு மேல் கடினம் என்று எழுதலாமா?

துறைமுகத்தடி | புதன், இரவு 9.45

எழுதலாம், ஆனால் எந்த அலகில் என்று சேர்த்து எழுத வேண்டும். 0.70 என்பது சிதறலின் அலகில் உள்ள எண், வாசிப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. காத்திருப்பின் குணகத்தால் வகுத்துப் பாருங்கள். 0.70 ÷ 0.04 = 17.5 நிமிடம். 2.55 ÷ 0.04 = கிட்டத்தட்ட 64 நிமிடம். அதாவது நடுநிலைப் பட்டையின் அகலம் 17 நிமிடக் காத்திருப்புக்குச் சமம், திருப்திப் பட்டையின் அகலம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இருக்கையையும் இப்படிப் பார்க்கலாம்: 0.9 ÷ 0.04 = 22.5 நிமிடம். இருக்கை கிடைத்தால் 22 நிமிடக் காத்திருப்பு மறந்துபோகிறது. இந்த வசனம் உங்கள் அறிக்கையில் போக்குவரத்துக்காரருக்கு உடனே பிடிபடும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது: காத்திருப்பைக் குறைப்பதால் மட்டும் 4இன் கீழ் எல்லையில் நிற்பவரை 5க்கு ஏற்ற முடியாது. 64 நிமிடம் குறைக்க யாரிடமும் அவ்வளவு காத்திருப்பே இல்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்த இடைவெளிகள் எங்கிருந்து வருகின்றன? எந்த மாறியும் இல்லாமல் வெறுமையாக ஓட்டினால் வெட்டுப்புள்ளிகள் வெறும் திரட்டு விகிதங்களின் லொஜிட்தான். உங்கள் 400 பேரில் 3 வரைக்கும் 45%, 4 வரைக்கும் 90%. ln(0.45/0.55) = -0.20, ln(0.90/0.10) = 2.20. இடைவெளி 2.40. மாறிகளைச் சேர்த்ததும் அது 2.55 ஆகக் கொஞ்சம் விரிந்தது, வேறொன்றுமில்லை. ஆகவே 4இல் 180 பேர் விழுந்ததால்தான் அந்தப் பட்டை அகலமானது. அவர்கள் ஏன் 4இல் விழுந்தார்கள் என்பதற்கு மனம் காரணமாக இருக்கலாம், கேள்வியின் சொல் காரணமாக இருக்கலாம், பேனை பிடித்தவரும் காரணமாக இருக்கலாம். மாதிரியுருவுக்கு இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரியாது.

நிலாவெளி_தங்குமிடம் | வியாழன், காலை 7.20

இந்த இழையைப் பார்த்து எனக்கும் ஒரு கேள்வி. நான் கடற்கரையில் சின்னதாக ஒரு தங்குமிடம் நடத்துகிறேன். போகும்போது விருந்தினர் 1 முதல் 5 வரை குறித்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டவர் பெரும்பாலும் 5. நம்முடைய ஆட்கள் அதே அறை, அதே சாப்பாட்டுக்கு 4 தான் தருவார்கள். நம்மவர் திருப்தி குறைந்தவரா, அல்லது 5 தருவதற்குக் கைகூசுகிறவரா? வெளிநாட்டவருக்கு ஒரு தொகுதி, நம்மவருக்கு ஒரு தொகுதி என்று வெட்டுப்புள்ளிகளைத் தனியாக மதிப்பிட்டால் இது தெரிந்துவிடாதா?

துறைமுகத்தடி | வியாழன், மதியம் 1.00

நல்ல கேள்வி, ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது. நம்மவரின் நாலு கோடுகளும் ஒரே அளவு மேலே தள்ளியிருந்தாலும், கோடுகள் அங்கேயே இருக்க நம்மவரின் திருப்தி அதே அளவு கீழே இருந்தாலும், எண்கள் ஒன்றாகவே வரும். பிள்ளை குள்ளமா, நிலை உயரமா என்று கோட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அதைப் பிரிக்க வெளியிலிருந்து வேறேதாவது வேண்டும். எல்லோரிடமும் ஒரே கற்பனை அறையை விவரித்து, இதற்கு எத்தனை தருவீர்கள் என்றும் கேட்பது ஒரு வழி. அறை ஒன்றுதான், ஆகவே அந்தப் பதிலில் வரும் வித்தியாசம் கோட்டின் வித்தியாசம்.

ஆனால் கோடுகள் சமமில்லாமல் நகர்ந்திருந்தால் அது மட்டும் தெரியும். மூன்று கோடு அங்கேயே நிற்க, ஒன்று மட்டும் விலகினால் அதைத் திருப்தி என்று சொல்லிச் சமாளிக்க முடியாது. நிலா, உங்கள் வினாக்கொத்து தமிழில் மட்டுமா, சிங்களத்திலும் இருந்ததா?

உவர்மலை_நிலா | வியாழன், இரவு 8.10

இரண்டும் இருந்தது சேர். தமிழில் 280, சிங்களத்தில் 120. தெரிவுகளின் எண்ணிக்கை:

```
            1    2    3    4    5
தமிழ்      28   57   29  138   28
சிங்களம்   12   23   31   42   12
```

துறைமுகத்தடி | வியாழன், இரவு 9.30

இதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். ஒவ்வொரு கோட்டுக்கும் திரட்டு விகிதத்தை எடுங்கள். 1 வரைக்கும் இரண்டிலும் 10%. 2 வரைக்கும் தமிழில் 30.4%, சிங்களத்தில் 29.2%. 4 வரைக்கும் இரண்டிலும் 90%. மூன்று கோடுகளில் இரண்டு மொழியும் ஒட்டி நிற்கின்றன. 3 வரைக்கும் மட்டும் தமிழில் 40.7%, சிங்களத்தில் 55%. லொஜிட்டில் -0.38க்கு எதிரே 0.20. வித்தியாசம் 0.58, அதன் நியம வழு ஏறத்தாழ 0.22.

மொழியைச் சாதாரண மாறியாகப் போட்டால் மாதிரியுரு எல்லாக் கோட்டையும் ஒன்றாகத்தான் தள்ளும். அந்த 0.58 நாலுக்கும் பங்காகி, ஏதோ சிறிய குணகமாகத் தோன்றி மறைந்துவிடும். Rஇல் இப்படிப் பாருங்கள்:

```r
library(ordinal)
d$rating <- factor(d$rating, levels = 1:5, ordered = TRUE)
m1 <- clm(rating ~ wait_c + seat + form, data = d)
m2 <- clm(rating ~ wait_c + seat,
          nominal = ~ form, data = d)
anova(m1, m2)
```

m1இல் மொழி எல்லாக் கோட்டையும் ஒரே அளவு நகர்த்துகிறது. m2இல் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி நகர்வு. m2 தெளிவாக மேலானது என்று வந்தால், எந்தக் கோடு என்று அதன் வெளியீட்டைப் பாருங்கள். இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். தெரிவுகளைச் சொற்களாகப் பதிந்து வைத்திருந்தால் levels இடத்தில் 1:5க்குப் பதில் அந்தச் சொற்களையே வரிசைப்படி கொடுங்கள். levels கொடுக்காமல் factor ஆக்கினால் R அவற்றை எழுத்து வரிசையில் அடுக்கிவிடும், "அதிருப்தி" முதலில் வந்து "மிகவும் அதிருப்தி" பின்னால் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இனி எண்ணை விட்டுவிட்டு, பஸ் தரிப்பில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். சனம் வாயால் "நடுநிலை" என்று சொன்னார்களா?

உவர்மலை_நிலா | வியாழன், இரவு 10.40

ஒருவரும் சொல்லவில்லை. இதை வாசித்ததும் எனக்கு மூதூரில் இறங்கிய ஒரு அம்மா ஞாபகம் வந்தா. கையில் இரண்டு பை, கூடவே பேரப்பிள்ளை. நான் ஐந்து தெரிவையும் வாசித்துக் காட்டினேன். "பரவாயில்ல பிள்ளை, எப்படியோ வந்து சேர்ந்திட்டம்" என்றா. நான் 4இல் புள்ளடி போட்டேன். ஏன் 4 என்று அப்போது யோசிக்கவில்லை. குறை சொல்லவில்லை, அதனால் திருப்தி என்று எடுத்தேன். "பரவாயில்லை" என்றவர்கள் அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேர்.

சிங்கள வினாக்கொத்தை வேறொரு தோழி கொண்டுபோனா. அதில் நடுத் தெரிவு "மத்யஸ்த" என்று இருந்தது. அவ தாளைப் பயணியின் கையில் கொடுத்து அவர்களையே குறிக்க விட்டதாகச் சொல்கிறா.

கணக்கப்பிள்ளை | வெள்ளி, காலை 7.00

அப்படியென்றால் இது மொழி வித்தியாசம் அல்ல, குறித்தவரின் வித்தியாசம். தமிழ்த் தாள்களை நீங்கள் ஒருவர்தான் நிரப்பினீர்களா?

உவர்மலை_நிலா | வெள்ளி, இரவு 9.15

இல்லை அண்ணா, இருவர். தாள்களை எல்லாம் விறாந்தையில் பரப்பி இருவருக்கும் பிரித்து எண்ணினேன். நான் நிரப்பியது 160. அதில் 3 குறித்தது 7 மட்டும். சிங்களத் தாளைக் கொண்டுபோனவ அல்லாத இன்னொரு தோழி நிரப்பியது 120. அதில் 3 குறித்தது 22. கேட்டுப் பார்த்தேன். "பரவாயில்லை என்றால் நான் நடுநிலையில்தான் போட்டேன், வேறு எங்கே போடுவது?" என்கிறா. கிண்ணியாப் பக்கம் பெரும்பாலும் அவதான் போனா, மூதூரும் நிலாவெளியும் நான்.

சேர் சொன்ன anova செய்தேன், m2 மேலானது. நகர்ந்தது மூன்றாவது கோடு மட்டும்தான்.

துறைமுகத்தடி | வெள்ளி, இரவு 10.30

160இல் 7 என்றால் 4%. 120இல் 22 என்றால் 18%. சிங்களத் தாளில் 26%. ஆகவே பெரும் பங்கு பேனை பிடித்தவரிடம் இருக்கிறது. 18க்கும் 26க்கும் நடுவில் மிச்சமிருப்பது சொல்லா, தானே குறித்ததா, வெவ்வேறு வழித்தடங்களின் உண்மையான வித்தியாசமா என்று இந்தத் தரவில் பிரிக்க முடியாது. கிண்ணியாப் பயணமும் மற்ற இரண்டும் ஒன்றல்ல, அதுவும் கலந்துதான் இருக்கும்.

இதனால் உங்கள் அறிக்கையில் எது ஆடும், எது ஆடாது என்று பாருங்கள். "திருப்தியானவர்கள் 55%" என்று எழுதியிருப்பீர்கள், 4ஐயும் 5ஐயும் கூட்டி. அந்த எண் முழுக்க மூன்றாவது கோட்டில் நிற்கிறது. தமிழில் 59%, சிங்களத்தில் 45%. பத்திரிகைக்காரர் கையில் கிடைத்தால் தமிழ்ப் பயணிகளுக்குத் திருப்தி கூட என்று தலைப்பே போட்டுவிடுவார்கள். அதிருப்தியானவர்களை, 1ஐயும் 2ஐயும், கூட்டிப் பாருங்கள். 30.4%, 29.2%. அது உறுதியாக நிற்கிறது. நானாக இருந்தால் அதிருப்தி விகிதத்தைத்தான் முன்னுக்கு வைப்பேன்.

கணக்கப்பிள்ளை | சனி, காலை 6.45

அப்போது மூன்றையும் நாலையும் ஒன்றாக்கினால் கெட்டுப்போன அந்தக் கோடே இல்லாமல் போகுமே. மேற்பார்வையாளர் சொன்னதும் அதுதான், நான் சொன்னதும் அதுதான்.

துறைமுகத்தடி | சனி, காலை 8.00

இதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும். ஓம், செய்யலாம். அடுத்தடுத்த தெரிவுகளை ஒன்றாக்குவதால் இந்த மாதிரியுரு உடையாது. காத்திருப்பின் குணகமும் இருக்கையின் குணகமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். நிலா ஓட்டிப் பார்க்கலாம், பெரிதாக மாறினால் வேறேதோ பிரச்சினை இருக்கிறது.

ஆனால் காரணம் .074 அல்ல. அதை அறிக்கையில் எழுதினால், காத்திருப்பில் வேறோர் எண்ணைக் கழித்து எந்தப் பரிசோதகரும் அதை உடைத்துவிடுவார். காரணம், அந்த எல்லையை இரண்டு பேர் இரண்டு விதமாகக் குறித்தார்கள் என்பது. விலையும் உண்டு. 400இல் 240 பேர் ஒரே தெரிவுக்குள் போவார்கள். நடுவில் நடப்பது எதுவும் தெரியாது, நியம வழுக்கள் கொஞ்சம் பெருக்கும். எனக்கு விருப்பம் ஐந்தையும் வைத்துக்கொண்டு, மொழிக்குப் பதில் குறித்தவரை nominal பக்கம் போட்டு, மூன்றாவது கோட்டை மூவருக்கும் தனித்தனியாக விடுவது. அப்போது காத்திருப்பைப் பற்றி 3, 4 தரும் தகவலும் கையில் இருக்கும்.

கணக்கப்பிள்ளை | சனி, காலை 8.20

அதைப் பரீட்சைச் சபைக்கு விளங்கப்படுத்துவது யார்? நாலு தெரிவென்றால் ஒரு பந்தியில் முடியும். நான் ஒன்றாக்குவதோடுதான் நிற்கிறேன்.

நிலாவெளி_தங்குமிடம் | சனி, காலை 9.10

என் விருந்தினர் புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். நம்மவர் நிறையப் பேர் 4 குறித்து, கீழே "எல்லாம் நல்லம்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் கற்பனை அறைக் கேள்வியை அடுத்த மாதத்திலிருந்து தாளில் சேர்க்கிறேன். எத்தனை அறையை விவரிக்க வேண்டும், ஒன்று போதுமா?

துறைமுகத்தடி | சனி, காலை 9.40

ஒன்று போதாது. ஒன்று சுமாரானது, ஒன்று நல்லது, ஒன்று மிக நல்லது என்று மூன்று அறையாவது வேண்டும். உங்களுக்குச் சந்தேகம் 4க்கும் 5க்கும் நடுவில் இருப்பதால் நல்லதும் மிக நல்லதும்தான் முக்கியம். எல்லோரும் அந்த அறையை ஒரே மாதிரித்தான் விளங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் இது நிற்கிறது. குளிரூட்டி இல்லாத அறை என்று எழுதினால் நம்மவருக்கும் வெளிநாட்டவருக்கும் அதுவே வேறு வேறு அறை ஆகிவிடும்.

உவர்மலை_நிலா | சனி, மாலை 5.30

ஒன்றாக்கி ஓட்டினேன். காத்திருப்பு -0.041, இருக்கை 0.88. பெரிய மாற்றம் இல்லை. குறித்தவரை nominal பக்கம் போட்டும் ஓட்டினேன், -0.040உம் 0.91உம். இரண்டையும் திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறேன். எதை முன்னுக்கு வைப்பது என்று அவரும் நானும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

நாளைக்கு மூதூர்த் தரிப்புக்கு மறுபடியும் போகிறேன், மற்றத் தோழியும் வருகிறா. ஒரே பயணியின் பதிலை இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் குறிக்கப்போகிறோம், பக்கத்தில் அவர் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதப்போகிறோம். 40 பேர் கிடைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

கிண்ணியாப்_பாலம் | சனி, மாலை 6.00

நானும் வருகிறேன். மூன்றாவது தாளை நான் பிடிக்கிறேன். காலை முதல் பஸ்ஸிலேயே போனால் சனம் கூட.